மச்சத்தை அழிக்காதீர்கள்: படம் திருத்துபவருக்கு எழுதும் ஒரு குறிப்பு என்ன சொல்கிறது?

எங்கள் பாட்டி காலமானபோது, நினைவஞ்சலிக்காக அவருடைய பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கக் கொடுத்தோம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அடையாளக் கார்டுக்காக எடுத்த படம் அது. இரண்டு நாளில் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அம்மா அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா மாதிரியே இல்லையே" என்றார். பாட்டியின் மூக்குக்குப் பக்கத்தில் பெரிய மச்சம் ஒன்று உண்டு. கன்னங்களில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் இருக்கும். அச்சாகி வந்த படத்தில் எதுவும் இல்லை.

படத்தைத் திருத்தியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டார். எதை வைக்க வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை.

விளம்பரத் துறையில் இதைச் சொல்வதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. படப்பிடிப்பு முடிந்ததும், விளம்பரத்தின் தோற்றத்துக்குப் பொறுப்பான கலை இயக்குநர், படத்தைத் திருத்தும் ரீடச்சருக்கு ஒரு குறிப்பு எழுதுவார். மாடலின் மச்சமும் புள்ளிகளும் அப்படியே இருக்க வேண்டும் என்றால், அந்தக் குறிப்பில்தான் அதைச் சொல்ல வேண்டும். "இயல்பாக இருக்கட்டும்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. ஏன் போதாது என்பதை ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

குறிப்பு எப்படி இருக்கும்?

தீபாவளிக்கு ஒரு புடவைக் கடை விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாடல், நான்கு படங்கள். கடை வாசல் பதாகை, நாளிதழ், கைப்பேசி என மூன்று இடங்களில் அவை வரப்போகின்றன. கலை இயக்குநர் எழுதும் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தம்பி, நான்கு படமும் அனுப்பியிருக்கேன். வேலையைத் தொடங்குறதுக்கு முன்னால இதைப் படிச்சிடுங்க.

1. வைக்க வேண்டியவை: மேலுதட்டுக்கு மேல், அவங்களோட இடது பக்கம் (நமக்கு வலது பக்கம்) இருக்கிற மச்சம். கழுத்தில் அட்டிகைக்குக் கீழே இருக்கிற மச்சம். மூக்கு, கன்னம் ரெண்டுலேயும் இருக்கிற புள்ளிகள் அத்தனையும். இடம், அளவு, கருமை மூணும் மாறக்கூடாது.

2. எடுக்க வேண்டியவை: தாடையில் இருக்கிற பரு. கண்ணுக்குக் கீழே சிந்தின மை. நெத்தியில் ஸ்டிக்கர் பொட்டோட பசை. தோள்பட்டையில் ஒட்டின நூல்.

3. மூணாவது படத்தில் கன்னத்தில் இருக்கிறது திருஷ்டிப் பொட்டு. அது மச்சம் இல்ல, கறையும் இல்ல. அதுவும் இருக்கட்டும்.

4. தோலை மழமழன்னு ஆக்க வேண்டாம். நிறத்தை வெளுக்க வேண்டாம். முகமும் கையும் ஒரே நிறத்தில் இருக்கணும்.

5. படத்தை இடவலமாத் திருப்ப வேண்டாம்.

6. லேயர் எல்லாம் அப்படியே வச்சு PSD கோப்பாக அனுப்புங்க. அசல் படம் அடியில் இருக்கணும்.

பச்சை வட்டம் போட்டது வைக்கணும், சிவப்பு வட்டம் போட்டது எடுக்கணும். அவங்ககிட்டயும் பேசிட்டேன், அவங்களுக்கும் இதுதான் விருப்பம். சந்தேகம் வந்தா அழிக்கிறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணுங்க."

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

எது மறையும், எது மறையாது?

ரீடச்சரின் முதல் வேலை துப்புரவு. போட்டோஷாப்பில் `Healing Brush` போன்ற கருவியை எடுத்து, பக்கத்தில் உள்ள நல்ல தோலை எடுத்துக் கறையின்மேல் பூசிக்கொண்டே போவார். படத்தைப் பல மடங்கு பெரிதாக்கி வைத்திருப்பதால் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, புள்ளிகளைத்தான் பார்க்கிறார். அந்த நிலையில் பரு, மச்சம், மைத்துளி எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கை பழக்கத்தில் ஓடும். ஒரு மச்சத்தை அழிக்க ஒரு விநாடி போதும்.

அதனால் தொழிலில் ஓர் எளிய விதி வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடியதை எடுக்கலாம், மறையாததைத் தொடக்கூடாது. பரு, கீறல், கொசுக்கடி ஆகியவை முதல் வகை. மச்சம், புள்ளி, பழைய தழும்பு ஆகியவை இரண்டாம் வகை.

ஆனால் படத்தைப் பார்த்து எது எந்த வகை என்று எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. ஆறிக்கொண்டிருக்கும் பரு மச்சம்போல இருக்கும். திருஷ்டிப் பொட்டை நம் வீட்டுப் பிள்ளை உடனே அறிந்துகொள்ளும். வேறு இனத்தைச் சேர்ந்த ரீடச்சருக்கு அது முகத்தில் பட்ட மையாகத் தோன்றினால் அவர்மேல் குற்றமில்லை. பட்டியலும் வட்டமிட்ட படமும் சேர்ந்தே போவது இதனால்தான்.

புள்ளி என்ற சொல்லையும் விளக்கத்தான் வேண்டும். படம் திருத்தும் பாடங்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்ணின் மூக்கில் இருக்கும் செம்பழுப்புப் புள்ளிகளையே காட்டுவார்கள். வெயில் பட்டால் அவை கூடும், வெயில் குறைந்தால் மங்கும். நம்மவர்களின் கன்னத்திலும் கண்ணோரத்திலும் வருவது பெரும்பாலும் வேறு. சற்றே மேடான, கறுத்த, மிளகைவிடச் சிறிய மருக்கள் அவை. கருந்தோல் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும். குடும்பத்தில் வழிவழியாக வரும், வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும், உடலுக்குத் தீங்கு இல்லை. செம்பழுப்புப் புள்ளியை மட்டுமே படித்து வந்த ரீடச்சர் இவற்றை நோயின் அறிகுறி என்று எண்ணித் துடைத்துவிட வாய்ப்பு உண்டு. என் பாட்டியின் கன்னத்தில் இருந்தவையும் இவைதான்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல்லும் இருக்கிறது. சங்கப் பாடல்கள் பெண்ணின் மேனியில் படரும் பொன்னிறப் புள்ளிகளைச் சுணங்கு என்று அழைத்து, வேங்கைப் பூவோடு ஒப்பிட்டு அழகாகவே பேசுகின்றன. துடைக்க வேண்டிய ஒன்றாக அவற்றைப் பார்க்கவில்லை.

அழிக்காமலே அழிந்துபோவது

மச்சத்தின்மேல் தூரிகையை வைக்காவிட்டாலும் அது போய்விடலாம். குறிப்பின் நான்காவது வரி இதற்குத்தான்.

தோலைச் சீராக்க ரீடச்சர்கள் பயன்படுத்தும் ஒரு முறைக்கு ஃபிரீக்குவன்சி செபரேஷன் என்று பெயர். படத்தை இரண்டு அடுக்காகப் பிரிப்பார்கள். கீழடுக்கில் நிறமும் வெளிச்சமும் மங்கலாக இருக்கும். மேலடுக்கில் தோலின் துளை, மென்மயிர், நுண்கோடு போன்ற விவரங்கள் இருக்கும். கீழடுக்கைத் தேய்த்துச் சீராக்கினாலும் மேலடுக்கு அப்படியே இருப்பதால், தோல் இயல்பாக இருப்பதுபோலத் தோன்றும்.

புள்ளிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மிகச் சிறிய புள்ளி மேலடுக்கில் தங்கித் தப்பித்துவிடும். சற்றுப் பெரியதாக இருந்தால் அதன் ஓரம் மேலடுக்கிலும், உள்ளிருக்கும் நிறம் கீழடுக்கிலும் போய்விடும். கீழடுக்கைத் தேய்த்தவுடன் நிறம் சுற்றிலும் பரவிவிடும். மிஞ்சுவது சாம்பல் பூத்த ஒரு வளையம். புள்ளி நிறைந்த முகத்தில் இதைச் செய்தால் கன்னம் அழுக்குப் படிந்ததுபோல ஆகிவிடும். பிறகு அந்த அழுக்கையும் துடைக்க வேண்டியிருக்கும், கடைசியில் ஒரு புள்ளியும் மிஞ்சாது.

இதற்குப் பதிலாக, கறுத்த இடத்தைச் சிறிது சிறிதாக வெளிச்சமாக்கி, வெளுத்த இடத்தைச் சிறிது சிறிதாகக் கறுப்பாக்கும் பொறுமையான முறையும் உண்டு. நேரம் அதிகம் பிடிக்கும். அப்போதும் புள்ளிகளைத் தனியாகத் தேர்ந்து மறைத்து வைத்துவிட்டு, இடையில் உள்ள தோலில் மட்டும் வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புள்ளியையும் கறுத்த இடம் என்று எண்ணிக் கை வெளுக்கத் தொடங்கும்.

நிறத்தை வெளுக்க வேண்டாம் என்பதும் மச்சத்தோடு சேர்ந்த வரிதான். தோலும் பழுப்புப் புள்ளியும் ஏறக்குறைய ஒரே நிறக் குடும்பம், இரண்டிலும் ஆரஞ்சுச் சாயல் உண்டு. முகம் பளிச்சென்று வர ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் தோலோடு சேர்ந்து புள்ளியும் வெளுக்கும். கறுத்த மச்சம் அப்படி வெளுக்காது. மாநிறத் தோலில் அடக்கமாக இருந்த மச்சம், வெளுத்த தோலில் ஒட்டவைத்ததுபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து, "இது அசிங்கமாக இருக்கிறதே, எடுத்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். உண்மையில் கெட்டது மச்சம் அல்ல, அதைச் சுற்றியிருந்த தோலின் நிறம்.

மேடான மச்சத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் உச்சியில் சிறிய வெளிச்சப் பொட்டும் அடியில் மெல்லிய நிழலும் இருக்கும். முகத்தின் பளபளப்பைக் குறைக்கும்போது அந்த வெளிச்சப் பொட்டும் போய்விட்டால், மச்சம் பேனாவால் குத்திய புள்ளிபோலத் தட்டையாகிவிடும்.

பழைய ஸ்டுடியோவிலும் இதே கதை

கணினி வந்த பிறகுதான் இது தொடங்கியது என்று நினைக்க வேண்டாம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் புள்ளிகள் நேரில் இருப்பதைவிடக் கறுப்பாகவே விழுந்தன. தோலின் நிறமி நீல ஒளியை அதிகமாக உறிஞ்சும். அக்காலத்து ஃபிலிம்களும் கண்ணாடித் தகடுகளும் நீலத்துக்கே அதிகம் ஈடுகொடுத்தன, சிவப்பு ஒளி அவற்றில் பதியவே இல்லை. அதனால் லேசான பழுப்புப் புள்ளியும் படத்தில் கரும்புள்ளி ஆனது.

ஸ்டுடியோக்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகத் தெரியும் அல்லவா? முகத்துப் புள்ளி அங்கே வெளுத்த துளையாக இருக்கும். கூரான பென்சிலால் அந்தத் துளையை நிரப்பிவிட்டால் அச்சில் புள்ளி மறைந்துவிடும். ஃபிலிம் செய்த குறையைச் சரிசெய்ய வந்த பென்சில், பிறகு முகத்தையே திருத்தும் பழக்கமாகிவிட்டது.

இன்றும் வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது இதே விளையாட்டு நடக்கிறது. சிவப்புச் சேனலிலிருந்து மாற்றினால் புள்ளிகள் ஏறக்குறைய காணாமல் போகும். நீலச் சேனலிலிருந்து மாற்றினால் அளவுக்கு மீறிக் கறுக்கும். நினைவஞ்சலிக்குக் கறுப்பு வெள்ளைப் படம் கேட்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இடது எது, வலது எது?

"இடது பக்க மச்சம்" என்றால் அவருடைய இடதா, பார்க்கும் நமக்கு இடதா? குறிப்பில் இது தெளிவாக இல்லாவிட்டால் தவறு நேரும். எழுத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் படத்தையே கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்புவது பக்க வடிவமைப்பில் எளிதாக நடக்கும். மச்சம் அழியாது, ஆனால் அடுத்த கன்னத்துக்குப் போய்விடும். நான்கு படங்களில் ஒன்றில் மட்டும் இப்படி நடந்தால் அக்காள் தங்கை இருவர் என்று வாடிக்கையாளர் நினைப்பார். புடவை விளம்பரத்தில் இது உடனே அகப்பட்டுவிடும். இடது தோளில் இருக்க வேண்டிய முந்தானை வலது தோளுக்குப் போயிருக்கும்.

மச்சத்தால் ஒரு முகம் எவ்வளவு தூரம் அடையாளப்படும் என்பதற்கு அமெரிக்க மாடல் சிண்டி கிராஃபோர்ட் நல்ல சான்று. அவருடைய இடப்பக்க மேலுதட்டுக்கு அருகே மச்சம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் பிரிட்டிஷ் வோக் இதழின் அட்டைப்படத்தில் அதை அழித்தே வெளியிட்டார்கள். பின்னாளில் அந்த மச்சம்தான் அவருடைய முத்திரையானது. அவர் படத்தைத் திருப்பிப் போட்டால் இன்று யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரிபார்ப்பது எப்படி?

திருத்திய படம் திரும்பி வந்ததும் கலை இயக்குநர் வெறும் கண்ணை நம்புவதில்லை. மூளை இல்லாத மச்சத்தையும் இருப்பதாகக் காட்டிவிடும். குறிப்பின் ஆறாவது வரி இங்கே உதவுகிறது. அசல் படம் கீழே, திருத்திய படம் மேலே. நிறம் மாற்றிய லேயர்களை அணைத்துவிட்டு, மேலே உள்ளதன் கலப்பு முறையை `Difference` என்று மாற்றினால், மாறாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும். கை பட்ட இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். தாடையில் வெளிச்சம் தெரிந்தால் அது பருவை எடுத்த இடம், சரி. உதட்டுக்கு மேலே தெரிந்தால் மச்சத்தில் கை பட்டிருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

படம் சரியாக இருந்தும் அச்சில் புள்ளி தொலையலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகத்தின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். நாளிதழில் அது 5 சென்டிமீட்டராக வந்தால் நான்கில் ஒரு பங்கு. முகத்தில் 1 மில்லிமீட்டர் இருந்த புள்ளி தாளில் கால் மில்லிமீட்டர் ஆகிவிடும். நாளிதழ்த் தாளில் அச்சுப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமே சுமார் 0.3 மில்லிமீட்டர். அதைவிடச் சிறியது எதுவும் தெளிவாக விழாது. 3 மில்லிமீட்டர் மச்சம் முக்கால் மில்லிமீட்டராக விழும், அதுவும் மைத்துளிபோலத் தோன்றும். அச்சகத்தில் யாராவது அதை மைக்கறை என்று எண்ணித் துடைத்துவிடாமல் இருக்க அங்கேயும் ஒரு வரி சொல்லிவைக்க வேண்டும். கன்னத்துப் புள்ளிகளும் தெரிய வேண்டும் என்றால் முகத்தைப் பெரிதாக வெட்டிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ரீடச்சரால் முடியாததும் ஒன்று உண்டு. படப்பிடிப்பின்போதே அடர்த்தியான ஒப்பனை போட்டுப் புள்ளிகளை மூடிவிட்டால், பிறகு அவற்றை மீட்க முடியாது. கையால் புள்ளி வைத்தால் அது அவருடைய முகம் ஆகாது. எனவே ஒப்பனையாளருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒப்பனைக்கு முன் வெறும் முகத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

யாருடைய முகம், யாருடைய முடிவு?

நார்வேயில் 2022 ஜூலை 1 முதல், உடலின் வடிவம், பருமன் அல்லது தோலை மாற்றிய விளம்பரப் படங்களில் அதைத் தெரிவிக்கும் அடையாளம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் எல்லா இடத்திலும் தோல் கணக்கில் வருவதில்லை. கெட்டி இமேஜஸ் என்ற பெரிய பட நிறுவனம் 2017இல், உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய மாடல் படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. தோலில் உள்ள கறைகளைத் திருத்துவதை அந்த விதி தடுக்கவில்லை. இடுப்பைச் சுருக்கினால் பொய், மச்சத்தை எடுத்தால் துப்புரவு என்றே தொழில் நெடுங்காலம் நினைத்து வந்திருக்கிறது.

அதற்காக, வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் சரியல்ல. கன்னத்தில் மங்கு படர்ந்த ஒருவர், அது படத்தில் தெரிய வேண்டாம் என்று நினைக்கலாம். "அவங்களுக்கும் இதுதான் விருப்பம்" என்று குறிப்பின் முடிவில் இருக்கும் வரி அதனால் முக்கியம். கேட்டுவிட்டு வைப்பதும், கேட்டுவிட்டு எடுப்பதும் மரியாதை. கேட்காமல் செய்வதுதான் வருத்தத்தில் முடிகிறது.

கல்யாண ஆல்பத்துக்கும் நினைவஞ்சலிப் படத்துக்கும் நாமே இப்படி ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். வைக்க வேண்டியதை யாருடைய இடது வலது என்பதோடு எழுதுங்கள். எடுக்க வேண்டியதைத் தனியாக எழுதுங்கள். படத்தின் நகல் ஒன்றில் பேனாவால் வட்டமிட்டுக் கொடுங்கள். நிறத்தை வெளுக்க வேண்டாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிதாக அச்சடிப்பதற்கு முன் கைப்பேசியில் ஒருமுறை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். அசல் படத்தை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட்டியின் அசல் படம் அலமாரியில் பத்திரமாக இருந்தது. இரண்டாம் முறை கொடுத்தபோது அதன் நகலில் அம்மாவே வட்டம் போட்டார். மூக்குக்குப் பக்கத்தில் பெரிய வட்டம் ஒன்று, கன்னங்களில் சின்ன வட்டங்கள் பதினொன்று. எண்ணிப் பார்க்க அவருக்குப் படம் தேவைப்படவில்லை. இப்போது வரவேற்பறையில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.